கைமுதல் எத்தனை மாதம் தாங்கும்?



பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தில் தொட்டிக் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒரு தொட்டியில் இத்தனை படி நீர் இருக்கிறது; மேலே உள்ள குழாய் வழியாக இவ்வளவு நீர் உள்ளே வருகிறது; கீழே உள்ள குழாய் வழியாக இவ்வளவு நீர் வெளியே போகிறது; தொட்டி எத்தனை மணி நேரத்தில் வறண்டுபோகும் என்பது கேள்வி. வெளியே போவதிலிருந்து உள்ளே வருவதைக் கழித்து, மிஞ்சிய தொகையால் தொட்டியிலுள்ள நீரை வகுத்தால் விடை கிடைத்துவிடும்.

புதிதாகத் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம் இன்னும் எத்தனை மாதம் உயிரோடு இருக்கும் என்பதும் இதே கணக்குதான். புத்தொழில் நிறுவனம் என்று இன்று நாம் சொல்லும் இத்தகைய அமைப்புகளில், தொடக்க ஆண்டுகளில் வரவை விடச் செலவே மிகுதியாக இருக்கும். முதல் போட்டவர்கள் கொடுத்த பணம் வங்கியில் கிடந்து, மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கரையும். ஒரு மாதத்தில் கரையும் தொகையை அத்துறையினர் 'பர்ன்', அதாவது எரிப்பு, என்கிறார்கள். நாம் அதை மாதக் கரைவு என்று சொல்வோம். கையிருப்பு இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதை 'ரன்வே' என்கிறார்கள். விமானம் மேலே எழும்புவதற்கு முன் தரையில் ஓடும் பாதைக்கு அந்தப் பெயர். பாதை முடிவதற்குள் விமானம் எழும்பிவிட வேண்டும். பணம் முடிவதற்குள் நிறுவனம் தன் வரவால் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அல்லது புதிய முதலைத் தேடிக்கொள்ள வேண்டும்.

தொட்டிக் கணக்கு எளிது. ஆனால் வங்கிக் கணக்கில் அதைச் செய்யும்போது இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது, இங்கே குழாய்கள் சீராக ஓடுவதில்லை. ஒரு மாதம் யாரோ ஒரு குடம் நீரைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். இன்னொரு மாதம் யாரோ ஒரு குடம் மொண்டுகொண்டு போவார்கள். இரண்டாவது, தொட்டியில் தெரிகிற நீர் அனைத்தும் நம்முடையதன்று. இவ்விரண்டையும் கவனியாமல் வகுத்தால், விடை சற்றே பிசகுவதோடு நில்லாது, முற்றிலும் வேறொன்றாகிவிடும். எந்த அளவுக்கு வேறாகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்ப்போம். ஒரு தாளையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். துணிக்கடைகள் தம் சரக்கிருப்பைக் கணினியில் கணக்கு வைத்துக்கொள்வதற்கான மென்பொருளை அது எழுதி, கடைகளிடம் மாதச் சந்தா பெற்று வழங்குகிறது. செப்டம்பர் மாதம் முடிந்துவிட்டது. நடத்துகிறவர் வங்கி தந்த மூன்று மாத வரவுசெலவுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறார்.

ஜூலை முதல் தேதி கையிருப்பு 60 லட்சத்து 42 ஆயிரம் ரூபாய். ஜூலையில் வரவு 2 லட்சத்து 40 ஆயிரம், செலவு 8 லட்சத்து 60 ஆயிரம். ஆகஸ்டில் வரவு 12 லட்சத்து 50 ஆயிரம், செலவு 12 லட்சம். செப்டம்பரில் வரவு 9 லட்சத்து 68 ஆயிரம், செலவு 9 லட்சத்து 40 ஆயிரம். செப்டம்பர் 30ஆம் தேதி கையிருப்பு 55 லட்சம்.

முதலில் செய்ய வேண்டியது ஒரு சரிபார்ப்பு. தொடக்க இருப்போடு மூன்று மாத வரவைக் கூட்டி, மூன்று மாதச் செலவைக் கழித்தால், இறுதி இருப்பு வர வேண்டும். இங்கே வருகிறது. வராவிட்டால் பட்டியலில் ஒரு பக்கமோ, ஒரு வரியோ விடுபட்டிருக்கிறது என்று பொருள். நிறுவனத்துக்கு இரண்டு வங்கிக் கணக்குகள் இருந்தால் இரண்டையும் சேர்த்தே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய பணமும், வைப்புநிதியில் போட்ட பணமும் பட்டியலில் செலவைப் போலவே காட்சி தரும். ஆனால் அவை செலவல்ல. ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்டதைச் செலவு என்று எவரும் எழுதுவதில்லை. நம் எடுத்துக்காட்டில் கணக்கு ஒன்றே. ஆகவே இந்தச் சிக்கல் இல்லை.

இப்போது அவசரக்காரர் ஒருவர் எப்படிக் கணக்கிடுவார் என்று பாருங்கள். மூன்று மாதத்தில் இருப்பு 60 லட்சத்து 42 ஆயிரத்திலிருந்து 55 லட்சமாகக் குறைந்தது. குறைந்தது 5 லட்சத்து 42 ஆயிரம். மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 81 ஆயிரம். 55 லட்சத்தை இதனால் வகுத்தால் முப்பது மாதம் வருகிறது. இரண்டரை ஆண்டு! அவர் நிம்மதியாகப் பட்டியலை மடித்து வைத்துவிடுவார். கூட்டலிலும் வகுத்தலிலும் அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. ஆயினும் விடை தவறு. ஏன் என்பதை வரி வரியாகப் பார்ப்போம்.

ஆகஸ்டு மாத வரவான 12 லட்சத்து 50 ஆயிரத்தில், 10 லட்சம் முதலீட்டாளர் ஒருவர் முன்பே ஒப்புக்கொண்டபடி அனுப்பிய இறுதித் தவணை. அது நிறுவனம் சம்பாதித்த பணமன்று. தொட்டியில் ஊற்றிய குடம். அது இனி வராது. கடனாக வாங்கிய பணமும், அரசு தந்த மானியமும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. கரைவைக் கணக்கிடும்போது இவற்றை நீக்கிவிட வேண்டும். இந்த 10 லட்சம் வராமல் இருந்திருந்தால் இருப்பு மூன்று மாதத்தில் 15 லட்சத்து 42 ஆயிரம் குறைந்திருக்கும். மாதக் கரைவு 5 லட்சத்து 14 ஆயிரம். அதனால் 55 லட்சத்தை வகுத்தால் பதினோரு மாதம்கூட வரவில்லை. ஒரே ஒரு வரியைப் புரிந்துகொண்டவுடன் முப்பது மாதம் பதினொன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

அடுத்து செப்டம்பர். அந்த மாதம் வந்த 9 லட்சத்து 68 ஆயிரத்தில், வழக்கமான மாதச் சந்தா 2 லட்சத்து 60 ஆயிரம்தான். மீதி 7 லட்சத்து 8 ஆயிரம் எங்கிருந்து வந்தது? ஈரோட்டில் பதினைந்து துணிக்கடைக்காரர்கள், ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டு என்று கேட்டு, கடைக்கு 40 ஆயிரம் வீதம் முன்பணமாகக் கட்டிவிட்டார்கள். அது 6 லட்சம். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 1 லட்சத்து 8 ஆயிரம். இந்தப் பணம் உண்மையிலேயே வாடிக்கையாளர் தந்த வருமானந்தான், அதில் ஐயமில்லை. ஆனால் இந்தப் பதினைந்து கடைகளும் இனி அடுத்த செப்டம்பர் வரை ஒரு காசும் தரப்போவதில்லை. மாதந்தோறும் வரும் வரவு என்று இதைச் சராசரியில் சேர்த்தால், வராத பணத்தை வருவதாக எண்ணிக்கொண்டிருப்போம். ஆகவே இதையும் கரைவுக் கணக்கிலிருந்து நீக்குகிறோம். மூன்று மாதக் குறைவு 22 லட்சத்து 50 ஆயிரம் ஆகிறது.

வரவுப் பக்கத்தைப் போலவே செலவுப் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆகஸ்டுச் செலவான 12 லட்சத்தில், 3 லட்சம் புதிய கணினிகள் வாங்கியது. கணினிகளை மாதாமாதம் வாங்குவதில்லை. வரவில் ஒருமுறை வந்ததை நீக்கினோம் அல்லவா? செலவில் ஒருமுறை போனதையும் நீக்குவதே நியாயம். அப்போது மூன்று மாதக் குறைவு 19 லட்சத்து 50 ஆயிரம். மாதக் கரைவு 6 லட்சத்து 50 ஆயிரம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஒருமுறைச் செலவு என்று பெயர் சூட்டி நீக்குவது மிகவும் இனிப்பான வேலை. இந்த மாதம் கணினி, அடுத்த மாதம் வழக்கறிஞர் கட்டணம், அதற்கடுத்த மாதம் அலுவலகம் மாற்றியது என்று ஒவ்வொன்றையும் நீக்கிக்கொண்டே போனால் கரைவு அழகாகக் குறையும். வங்கி இருப்போ வேறு கதை சொல்லும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முந்தைய பன்னிரண்டு மாதப் பட்டியலை எடுத்து, இப்படி ஒருமுறை என்று சொல்லத்தக்க செலவுகள் எத்தனை மாதங்களில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான மாதங்களில் ஏதேனும் ஒன்று இருக்குமானால், அது ஒருமுறைச் செலவே அன்று. வெவ்வேறு வேடங்களில் வரும் வழக்கமான செலவு. அதன் சராசரியைக் கரைவில் சேர்த்துவிட வேண்டும். நம் நிறுவனத்தில் ஓராண்டுக்கு இந்தக் கணினிகள் ஒன்றுதான் அப்படி இருந்தன என்று வைத்துக்கொள்வோம்.

இனி, தொட்டியில் தெரியும் 55 லட்சத்தில் நம்முடையது எவ்வளவு என்று பார்ப்போம். ஈரோட்டுக் கடைக்காரர்கள் கட்டிய 7 லட்சத்து 8 ஆயிரத்தைக் கரைவுக் கணக்கிலிருந்து நீக்கினோமே தவிர, கையிருப்பிலிருந்து நீக்கவில்லை. அந்தப் பணம் வங்கியில்தான் இருக்கிறது. ஆனால் அதில் 1 லட்சத்து 8 ஆயிரம் அரசாங்கத்துக்கு உரிய வரி. மாதந்தோறும் கணக்குக் காட்டும் நிறுவனமானால் அதை அக்டோபர் 20ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். தான் வாங்கிய பொருள்களுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கழிவுகள் யாவும் வழக்கமான வரிக்கே ஈடாகிவிட்டன என்று கொள்வோம். எனவே இந்தத் தொகை முழுவதும் போய்விடும்.

அடுத்து, கணினிகளை விற்ற கடைக்குக் கடைசித் தவணையாகக் கொடுத்த 92 ஆயிரம் ரூபாய்க் காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை. வங்கிக்கு அது தெரியாது. காசோலையில் கையெழுத்திட்டவருக்குத் தெரியும். மூன்றாவதாக, சென்ற ஆண்டுப் பட்டியலைப் புரட்டினால் தீபாவளிக்கு முன்பு ஊழியர்களுக்கு 3 லட்சம் போனஸ் கொடுத்தது தெரிகிறது. இந்த ஆண்டும் கொடுக்க வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பட்டியலில் அதன் நிழல்கூட இல்லை. ஆண்டுக்கொருமுறை வரும் செலவுகளைத் தேடத்தான் பன்னிரண்டு மாதப் பட்டியல் வேண்டும் என்பது. இம்மூன்றையும் கூட்டினால் சரியாக 5 லட்சம். ஆகவே நம்முடைய கையிருப்பு 50 லட்சம்.

ஒரு கேள்வி உங்களுக்கு எழலாம். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வருமான வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதியும், வருங்கால வைப்புநிதியை 15ஆம் தேதியும் கட்ட வேண்டுமே, அவற்றையும் கழிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் அவை மாதந்தோறும் தவறாமல் போகின்றவை. செப்டம்பரில் நடந்த வேலைக்குரியது அக்டோபரில் போவதைப் போலவே, ஆகஸ்டுக்குரியது செப்டம்பரில் போய், மாதச் செலவில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. இருப்பிலும் கழித்துக் கரைவிலும் சேர்த்தால் ஒரே செலவை இருமுறை எண்ணியதாகும். மாதக் கரைவுக்குள் அடங்காத கடமைகளை மட்டுமே இருப்பிலிருந்து கழிக்க வேண்டும் என்பது விதி.

50 லட்சத்தை 6 லட்சத்து 50 ஆயிரத்தால் வகுத்தால் ஏழு மாதமும் இருபது நாளும் வருகின்றன. இங்கே நிறுத்திவிடலாமா? கூடாது. சராசரி என்பது கடந்த காலத்தைப் பற்றிய செய்தி. நமக்கு வேண்டியது வரும் மாதங்களைப் பற்றியது. சீர்செய்த பின் மாத வாரியாகக் கரைவை எழுதிப் பாருங்கள். ஜூலையில் 6 லட்சத்து 20 ஆயிரம்; ஆகஸ்டில் 6 லட்சத்து 50 ஆயிரம்; செப்டம்பரில் 6 லட்சத்து 80 ஆயிரம். மாதம் 30 ஆயிரம் வீதம் ஏறிக்கொண்டே போகிறது. ஏன்? வழக்கமான சந்தா மாதம் 10 ஆயிரம் கூடுகிறது. செலவோ மாதம் 40 ஆயிரம் கூடுகிறது. வியாபாரம் வளர்கிறது என்று நடத்துகிறவர் சொன்னால் அது பொய்யன்று. ஆனால் செலவு அதைவிட வேகமாக வளர்கிறது.

மேலும், செப்டம்பர் நடுவில் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அந்த மாதம் அவருக்கு அரைச் சம்பளமே போயிற்று. அக்டோபரிலிருந்து முழுச் சம்பளம். அதனால் மட்டும் 30 ஆயிரம் கூடும். ஆகவே அக்டோபரின் கரைவு 7 லட்சத்து 10 ஆயிரம் என்று எதிர்பார்ப்பதே முறை. 50 லட்சத்தை இதனால் வகுத்தால் ஏழு மாதம். அக்டோபர் முதல் தேதியிலிருந்து எண்ணினால், அடுத்த ஏப்ரல் கடைசியில் தொட்டி வறண்டுவிடும். இதற்கு மேல் ஒருவரையும் வேலைக்கு எடுக்காமல், செலவை இங்கேயே கட்டி நிறுத்தினால்தான் இந்த ஏழு மாதம். மாதந்தோறும் 30 ஆயிரம் ஏறும் வழக்கம் தொடருமானால், ஆறு மாதமும் பத்து நாளுமே தாங்கும்.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வரவே இல்லை என்று வைத்துக்கொண்டு, மொத்தச் செலவால் மட்டும் வகுத்துப் பார்ப்பது. அக்டோபரில் மொத்தச் செலவு 9 லட்சத்து 70 ஆயிரம். 50 லட்சம் ஐந்து மாதம் தாங்கும். வாடிக்கையாளர் ஒருவரும் பணம் தராமல் போவது நடக்கக்கூடியதன்று. ஆனால் வரவு முழுவதும் இரண்டு மூன்று பெரிய வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் நிறுவனத்தில், அவர்களில் ஒருவர் விலகினாலும் உண்மை நிலை இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவே எங்கோ வந்து நிற்கும்.

கிடைத்த ஏழு மாதத்தை எப்படிப் பயன்படுத்துவது? எண்ணைத் தேதியாக மாற்ற வேண்டும். பணம் பூஜ்யமாகும் நாள் ஏப்ரல் 30. ஆனால் பூஜ்யம் வரை ஓட்டுவது கௌரவமான நிறுவனத்துக்கு ஆகாது. மூட நேர்ந்தாலும் எட்டுப் பேருடைய கடைசி மாதச் சம்பளமும், பிடித்துவைத்த வரியும், கட்டவேண்டிய வாடகையும் கையில் இருக்க வேண்டும். கடைசி மாதத்துப் பணத்தை இதற்காக ஒதுக்கினால், முடிவு எடுக்கத்தக்க காலம் மார்ச் மாதத்தோடு முடிகிறது. புதிய முதலீட்டாளரிடம் முதல் பேச்சு நடந்த நாளிலிருந்து அவருடைய பணம் வங்கியில் விழும் நாள் வரை ஆறு மாதம் ஆவது சாதாரணம். மார்ச் கடைசியிலிருந்து ஆறு மாதம் பின்னோக்கி எண்ணுங்கள். அக்டோபர் முதல் தேதி வருகிறது. அதாவது, நடத்துகிறவர் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நாளே!

முப்பது மாதம் இருக்கிறது என்று நம்பியவர் என்ன செய்திருப்பார்? இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுத்திருப்பார். முதலீட்டாளரை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பார். பொங்கல் கழிந்து வங்கி இருப்பு ஏன் இவ்வளவு சரிந்தது என்று திடுக்கிட்டுப் பார்க்கும்போது, பேச்சைத் தொடங்கவும் காலம் இராது, செலவைக் குறைக்கவும் காலம் இராது. ஈரோட்டுக் கடைக்காரர்கள் ஓராண்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு மீதி மாதங்களுக்கு யார் பதில் சொல்வது? இந்த வகுத்தல் கணக்கில் இவையெல்லாம் அடங்கியிருக்கின்றன.

அமெரிக்காவில் புத்தொழில் நிறுவனங்களுக்கு முதல் கொடுத்து வளர்த்த பால் கிரகாம் என்பவர் 2015ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். இப்போதுள்ள செலவும் இப்போதுள்ள வளர்ச்சியும் இப்படியே தொடர்ந்தால், கையிலுள்ள பணம் தீர்வதற்குள் நிறுவனம் லாபத்தை எட்டுமா, எட்டாதா என்பதே அவர் கேட்ட கேள்வி. நம் நிறுவனத்துக்கு விடை வெளிப்படை. வரவு பத்தாயிரமும் செலவு நாற்பதாயிரமும் கூடிக்கொண்டிருக்கும் வரை இரண்டும் ஒருநாளும் சந்திக்கப்போவதில்லை. இடைவெளி அகன்றுகொண்டுதான் போகும். ஆகவே அக்டோபரிலேயே செலவை நிறுத்திப் பிடிப்பதும், முதலீட்டாளரைத் தேடுவதும், மாதச் சந்தாவைக் கூட்டுவதும் ஒருங்கே தொடங்க வேண்டியவை.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டு ஓய்வதும் சரியன்று. மாதம் முடிந்த மூன்றாம் நாள், புதிய மாதத்து வரிகளைச் சேர்த்து மீண்டும் போட வேண்டும். சென்ற மாதம் ஏழு என்று வந்தது, ஒரு மாதம் கழிந்தால் ஆறு என்று வர வேண்டும். ஐந்தரை என்று வந்தால், நாம் காணாத ஒரு வரி எங்கோ இருக்கிறது என்று அறிந்து, அதைத் தேட வேண்டும். ஆறரை வந்தாலும் தேட வேண்டும். யாரோ ஒரு குடம் ஊற்றியிருக்கலாம்.

வங்கிப் பட்டியல் பொய் சொல்வதில்லை. வந்த பணத்தையும் போன பணத்தையும் தேதியோடு சொல்கிறது. ஆனால் எது இனியும் வரும், எது வராது, எது நம்முடையது, எது பிறருடையது என்பது அதற்குத் தெரியாது. அதை வரிக்கு எதிரே எழுத வேண்டியவர் நிறுவனத்தை நடத்துகிறவர்தான். எழுதி முடித்த பிறகு, மிச்சமிருப்பது நாம் பள்ளியில் படித்த தொட்டிக் கணக்கு.